மாற்றலாகி வந்த முதல் வாரத்துக்கு என்ன பாட்டு கேட்கலாம்? இராமநாதபுரம் கரைக்கு வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்டத்துக்கு மாற்றல் என்றதும் ‘தண்ணியில்லாக் காடு’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். ஆணை வாங்கியவரும் தண்ணீர், வாடகை, மெஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டுதான் வருவார். மண்டபத்திலோ, பாம்பனிலோ, கீழக்கரையிலோ, தொண்டியிலோ வந்து சேர்ந்து, முதல் நாள் வேலை முடிந்து, ஆறு மணிக்கு அறைக் கதவைத் திறக்கும்போதுதான் யாரும் சொல்லாத ஒன்று தெரியவரும். தூங்கப் போகும்வரை நான்கு மணி நேரம் இருக்கிறது, பேச ஆளில்லை.

அந்த நான்கு மணி நேரத்தைப் பாட்டோடு எப்படிக் கழிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. வெளியூரிலிருந்து இந்தக் கரைக்கு வந்து சேரும் அலுவலர்களோடு நான் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பெரும்பாலானவர்கள் கையில் பாட்டு இருக்கிறது. ஆனால் அந்த வாரத்துக்குத் தோதான பாட்டாக அது இருப்பதில்லை.

கிளம்பும் முன்னால்

ஊரில் நல்ல இணையம் இருக்கும்போதே பாட்டுகளைச் செயலியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இராமநாதபுரம் டவுனில் சிக்னலுக்குக் குறையில்லை. கடலோரமாகப் போகப் போகத்தான் விட்டு விட்டு வரும். தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் நம்பவே முடியாது. நான்கரை நிமிடப் பாட்டு ஒன்று, 160 கேபிபிஎஸ் தரத்தில், ஐந்தரை எம்பி அளவுக்கு வரும். 40 பாட்டு என்றாலும் 220 எம்பிதான். ஒரு வாரத்துக்கு 40 போதும். இருநூறு, முந்நூறு என்று சேர்த்துக்கொண்டு வந்தால், எதைப் போடலாம் என்று தேடித் தள்ளுவதிலேயே மாலை போய்விடும்.

இன்னொரு பொருளையும் எடுத்து வாருங்கள்: வயர் உள்ள பழைய ஹெட்செட். போனில் எஃப்எம் வானொலி இருந்தால், அந்த வயர்தான் அதற்கு ஆன்டெனா. ப்ளூடூத் மாட்டிக்கொண்டால் பெரும்பாலான போன்களில் எஃப்எம் எடுக்காது. புதிய போன்கள் பலவற்றில் வானொலியே கிடையாது. அப்படியானால் சின்ன பாக்கெட் ரேடியோ ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பதைக் கீழே சொல்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். உங்களுக்கு உயிரான பாட்டு என்று நான்கைந்து இருக்குமே, அவற்றை இந்த 40-க்குள் சேர்க்காதீர்கள். மனம் கலங்கியிருக்கும் வாரத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டு அந்த வாரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் லாட்ஜ் அறையின் பினாயில் வாடையும் டியூப்லைட் வெளிச்சமும்தான் முதலில் வந்து நிற்கும். கல்யாணத்தில் வாசித்த பாட்டு, அப்பா எப்போதும் முணுமுணுக்கும் பாட்டு, பிள்ளையைத் தூங்கவைத்த பாட்டு இவையெல்லாம் ஒரு வாரம் தள்ளி இருக்கட்டும். நன்றாகப் பிடிக்கும், ஆனால் யாரையும் நினைவுபடுத்தாது என்ற வகைப் பாட்டுகளே இந்த வாரத்துக்கு வேண்டும்.

முதல் இரண்டு மாலை: பட்டியலை விட்டுவிட்டு வானொலி

நம் பட்டியலைப் போட்டால் அடுத்து என்ன வரும் என்பது நமக்கே தெரியும். தனியாக இருப்பது அதனாலேயே இன்னும் நன்றாகத் தெரியவரும். வானொலியில் யாரோ ஒருவர் நமக்காகப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார், நடுவில் பேசுகிறார், நேரம் சொல்கிறார், யாருக்கோ வாழ்த்துச் சொல்கிறார். அறைக்குள் ஒரு மனிதக் குரல் வந்துவிடுகிறது. முதல் இரண்டு மாலைக்கும் நான் வானொலியைச் சொல்வது இதனால்தான்.

இந்தக் கரையில் வானொலிக்கு இரண்டு தனிச் சிறப்புகள் உண்டு. ஒன்று, பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4. மீனவ மக்கள் தங்களுக்காக நடத்தும் சமுதாய வானொலி இது, 2016-இல் தொடங்கியது. காற்று எப்படி அடிக்கிறது, கடலுக்குப் போகலாமா, கடலில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பதெல்லாம் பாட்டுகளுக்கு நடுவே வரும். வந்த புதிதில் பாதி புரியாது. கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் சொல்வார்கள். இரண்டு நாள் கேட்டால் பிடிபட்டுவிடும். மறுநாள் அலுவலகத்தில் ‘கச்சான் கூடுதலா இருக்காமே’ என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், எதிரில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்த்துப் பேச ஆரம்பிப்பார். சமுதாய வானொலிக்குச் சக்தி குறைவு, அதனால் தீவிலும் அதை ஒட்டிய கரையிலும்தான் தெளிவாக எடுக்கும். டவுனிலோ தொண்டிப் பக்கமோ இருப்பவர்கள் எடுக்கவில்லையே என்று செட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டாவது, இலங்கைத் தமிழ் வானொலிகள். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். எஃப்எம் அலை நேர்கோட்டில் போவது. நடுவில் மலையோ கட்டடமோ இல்லாமல் சமமாகக் கடல் கிடப்பதால் தடங்கலின்றி வந்து சேர்கிறது. வெக்கையும் காற்றில்லாத அமைதியுமாக இருக்கும் இரவுகளில், வழக்கமாக எடுக்காத நிலையங்கள்கூடத் துல்லியமாகக் கேட்கும். கடல் மேல் படியும் காற்று அடுக்குகள் அலையை வளைத்துத் தூரத்துக்குக் கொண்டுபோவதுதான் அதற்குக் காரணம். கிழக்குப் பார்த்த ஜன்னல் ஓரமாக, வயரை நீளமாகத் தொங்கவிட்டு, முள்ளை மெதுவாகத் திருப்புங்கள். கான்கிரீட் அறையின் நடுவில் உட்கார்ந்தால் இரைச்சல்தான் வரும்.

அந்தப் பக்கத்து அறிவிப்பாளர்களின் தமிழையும் கொஞ்சம் கேளுங்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்றவர்களின் குரலைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. வீட்டுக்காரரோ டீக்கடைக்காரரோ ஐம்பது தாண்டியவராக இருந்தால் அந்தக் காலத்து சிலோன் ரேடியோவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார்.

மூன்றாம் நாள்: வரிசை போடுவது

இப்போது உங்கள் பட்டியலுக்கு வரலாம். கோயம்புத்தூரிலிருந்து மண்டபத்துக்கு மாற்றலாகி வந்த ஒரு தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் இரவே ‘ஆட்டோகிராஃப்’ படத்தின் ‘ஞாபகம் வருதே’ பாட்டைப் போட்டுவிட்டார். கல்லூரி, விடுதி, நண்பர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றிருக்கிறார்கள். அதே பாட்டு மறுபடி, மறுபடி. சாப்பிடப் போகவில்லை. ஒன்பதரைக்கு அம்மாவுக்குப் போன் போட்டு, இவர் குரல் உடைய, அந்தப் பக்கம் அம்மா அழ, இரண்டு வீட்டிலும் தூக்கம் போனது. காலையில் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

பாட்டில் குறையில்லை. பழையதை எண்ணிப் பார்ப்பதற்கென்றே எழுதிய பாட்டு அது. பழையது மட்டுமே கையில் இருக்கும் இரவில் அது ஆளை அங்கேயே இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்காக, சோகமாக இருக்கும்போது துள்ளலாக எதையாவது போட்டுவிடலாம் என்றால் அதுவும் சரிவராது. மனம் ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமுமாக இருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும், அரை நிமிடத்தில் நிறுத்திவிடுவோம். இசையை வைத்துச் சிகிச்சை செய்பவர்கள் கையாளும் முறை ஒன்று உண்டு. மனம் இப்போது இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள பாட்டில் தொடங்குவது, அங்கிருந்து படிப்படியாக மேலே ஏற்றிக்கொண்டு வருவது. மூன்று அல்லது நான்கு பாட்டு, கால் மணி நேரம் போதும்.

அந்தத் தம்பிக்கு நாங்கள் போட்டுக் கொடுத்த வரிசை இது.

முதலில் ‘மயக்கமா கலக்கமா’. 1962-இல் வந்த ‘சுமைதாங்கி’ படம், கண்ணதாசன் வரிகள், விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை, பி.பி. ஸ்ரீனிவாஸ் குரல். கலங்கிப் போனவனிடம் கலங்கிப் போயிருக்கிறாய் என்றுதான் முதலில் சொல்கிறது. அதன் பிறகே மேற்கொண்டு பேசுகிறது. குரலும் உயரப் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருக்கும். இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் மனம் வெறுத்து, ஊரை விட்டே போய்விடலாம் என்று கிளம்பிய நேரத்தில், பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடிக் காட்டிய இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தங்கிவிட்டதாகக் கவிஞர் வாலி சொல்லியிருக்கிறார். புது ஊரில் ஒரு மனிதரை நிற்கவைத்த பாட்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இரண்டாவது ‘இளைய நிலா பொழிகிறதே’. 1982, ‘பயணங்கள் முடிவதில்லை’. இதில் ஊரும் இல்லை, உறவும் இல்லை. மேகமும் நிலாவும்தான். எஸ்.பி.பி.யின் குரலோடு ஓடும் கிட்டார் காதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். நினைப்பு ஊருக்குப் போகாமல் வாசிப்பின் மேல் நின்றுவிடும். வார்த்தையை விட்டு இசையைக் கவனிக்கவைக்கும் பாட்டு ஒன்று இரண்டாம் இடத்தில் கட்டாயம் வேண்டும். இதுதான் என்றில்லை, உங்களுக்குப் பிடித்த புல்லாங்குழலோ வயலினோ தூக்கலாக இருக்கும் எதுவும் சரி.

மூன்றாவது ‘சின்னச் சின்ன ஆசை’. 1992, ‘ரோஜா’. மின்மினியின் குரலில் இருக்கும் அந்தப் பிள்ளைத்தனமான உற்சாகத்தில் தாளம் ஒரு படி ஏறுகிறது. இதற்குள் கால் தானாகத் தட்ட ஆரம்பித்துவிடும். அது முடிந்ததும் போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு சாப்பிடக் கிளம்ப வேண்டும். நான்காவது பாட்டு மெஸ்ஸுக்கு நடக்கும்போது வாயில் வருவது.

அந்தத் தம்பி அன்றைக்கு எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டார். அம்மாவிடம் பேசியது சாப்பிட்ட பிறகு. ‘என்ன சாப்பிட்டே?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அவரிடம் ஏதோ இருந்தது. வரிசை, சாப்பாடு, அதன்பின் போன் என்ற முறையை மட்டும் மாற்றாதீர்கள். பாட்டு கேட்ட கையோடு வீட்டுக்குப் போன் செய்தால் குரல் தழுதழுத்துத்தான் இருக்கும்.

வரிசை வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. மூன்றாவது பாட்டு முடிந்தபின் எழுந்திருக்க மனம் வருகிறதா? வந்தால் சரி. வராமல், விரல் மறுபடி முதல் பாட்டுக்கே போகிறது என்றால், முதல் பாட்டு உங்களுக்கு அதிகக் கனமாக இருக்கிறது என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டு இரண்டாவதில் தொடங்குங்கள். கணவனையோ மனைவியையோ விட்டு வந்தவர்களுக்கு ‘ராசாத்தி உன்ன காணாத நெஞ்சு’ போன்ற பாட்டுகள் இந்த வாரத்தில் முதலிடத்துக்கும் ஆகாது, எந்த இடத்துக்கும் ஆகாது. ஜெயச்சந்திரனின் குரல் அப்படி.

கடலோரம் நடக்கும்போது

எப்படியும் மூன்றாம், நான்காம் நாள் கடற்கரைக்குப் போவீர்கள். மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு கடல் உண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்பார்கள். கச்சான் அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை இறங்கினால் நிலைமை தலைகீழாகும். பாட்டு கேட்க வேண்டுமென்றால் அந்தந்தப் பருவத்தில் அமைதியாக இருக்கும் கரைக்குப் போங்கள். மண்டபத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தே போய்விடலாம்.

காற்றுக்கு எதிரே நின்று பாட்டு கேட்பதில் ஓர் ஆபத்து உண்டு. காதோரம் காற்றிரைச்சல் பாட்டை விழுங்கும், நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். அறைக்குத் திரும்பிய பிறகும் காதில் ‘ங்ங்’ என்று இருந்தால் அளவு தாண்டிவிட்டது. போனில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அறுபது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் அந்த இடம் பாட்டு கேட்கும் இடமில்லை. சாலையோரம் ஒரு காதை எப்போதும் திறந்து வைக்க வேண்டும். இராமேஸ்வரம் நெடுஞ்சாலையில் மீன் லாரிகளும் சுற்றுலா வண்டிகளும் வருகிற வேகம் அப்படி. பாம்பன் சாலைப் பாலத்தில் ஹெட்செட்டே வேண்டாம்.

இந்த நடைக்கென்று ஒரு பாட்டைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ‘படகோட்டி’ படத்தின் ‘தரைமேல் பிறக்க வைத்தான்’. 1964, டி.எம். சௌந்தரராஜன் குரல், எழுதியவர் வாலி. ஊரை விட்டுப் போகவிருந்து தங்கிவிட்ட அதே வாலிதான். டிவியில் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். கடலுக்குப் போனவர்கள் திரும்பி வரக் காத்திருக்கும் ஊரில் நின்று கேட்கும்போது அதன் கனம் வேறு. 1964 டிசம்பரில், அந்தப் படம் வந்த அதே வருடத்தில்தான் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்த இடிபாடுகளுக்குப் பக்கத்தில் இந்தப் பாட்டைச் சத்தமாகப் போடாதீர்கள். அங்கே இன்னும் குடிசை போட்டு வாழ்கிறவர்களுக்கு அது வெறும் பாட்டாக இருக்காது.

கரைவலை இழுப்பதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் ஹெட்செட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுங்கள். கடலுக்குள் அரைவட்டமாக வலையை விட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று இழுப்பார்கள். முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். கயிற்றை இடுப்பில் கொடுத்து, குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பதில் ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளத்துக்கு ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிப் பாடுவதுதான் அம்பாப் பாட்டு. சாய்ந்து இழுக்கும்போது மற்றவர்கள் குரல், அடுத்த அடி எடுத்து வைக்கும்போது எடுத்துக்கொடுப்பவர் குரல் என்று மாறி மாறி வரும். மூச்சும் கையும் எல்லாருக்கும் ஒன்றாக விழ வேண்டும் என்பதற்காகவே உண்டான பாட்டு அது. இன்று எல்லா இடத்திலும் பாடுவதில்லை. வெறும் ‘ஏலே’ சத்தத்தோடு இழுப்பதும் உண்டு, செல்போனில் சினிமாப் பாட்டைப் போட்டுக்கொண்டு இழுப்பதும் உண்டு.

போனதும் வீடியோ எடுக்க ஆரம்பிக்காதீர்கள். ‘அண்ணே, நின்னு பாத்துக்கிரட்டுமா?’ என்று கேட்டுவிட்டு, கயிற்றுக்கு வெளியே ஒதுங்கி நில்லுங்கள். ஆள் குறைவாக இருந்தால் ‘வந்து ஒரு கை கொடுங்க சார்’ என்பார்கள். போங்கள். பத்து நிமிடம் இழுத்தால் உள்ளங்கை காந்தும், ஆனால் ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாகப் பத்துப் பேரோடு சேர்ந்து ஒரு சத்தம் எழுப்பியிருப்பீர்கள்.

ஊரின் சத்தங்கள்

வந்த புதிதில் விடியற்காலைச் சத்தம் பலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். பாங்கு, கோயில் ஒலிபெருக்கி, மாதா கோயில் மணி என்று நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்து ஏதோ ஒன்று இருட்டு விலகும் முன்பே தொடங்கிவிடும். காதைப் பொத்திக்கொள்வதைவிட அதற்குப் பழகிக்கொள்வது சுலபம். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் வருபவர்கள் நாகூர் ஹனிபா பாட்டுகள் நான்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாகூரின் பெயரால் அறியப்பட்டாலும் அவர் பிறந்தது இராமநாதபுரத்தில்தான். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டை இங்கே எந்த மதத்துக்காரர் கடையிலும் கேட்கலாம். கீழக்கரையில் மூத்தவர்களைக் ‘காக்கா’ என்றும் பெண்களை ‘லாத்தா’ என்றும் கூப்பிடுவார்கள். ‘காக்கா, இந்தப் பாட்டு யார் பாடினது?’ என்று கடையில் கேட்பது பேச்சைத் தொடங்க நல்ல வழி.

இரவு

படுக்கப் போகும்போது ஐந்து பாட்டுக்கு மேல் வேண்டாம். செயலியில் உறக்க நேரக் கட்டுப்பாடு இருக்கும், அதில் அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே அடுத்தடுத்து எடுத்துப் போட்டு, நள்ளிரவில் ஏதோ குத்துப்பாட்டு எழுப்பிவிடும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தூங்காதீர்கள், போனைத் தலைமாட்டிலிருந்து கையெட்டும் தூரத்துக்குத் தள்ளி வைத்து மெல்லிய ஒலியில் ஓடவிடுங்கள். பக்கத்து அறைக்குக் கேட்காத அளவே உங்களுக்கும் போதும்.

தாளம் நிதானமாக, ஒரே சீராக இருக்க வேண்டும். திடீரென்று ஏறி இறங்கும் பாட்டு ஆகாது. ‘மூன்றாம் பிறை’யின் ‘கண்ணே கலைமானே’ பலருக்குச் சரியாக வரும். தாலாட்டுக்கு என்றே பெயர்பெற்ற ராகம் நீலாம்பரி. அதில் அமைந்த ‘வரம் தந்த சாமிக்கு’ (‘சிப்பிக்குள் முத்து’) இன்னொன்று. ஆனால் சின்னப் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்த தாய்மார்கள் இந்த இரண்டையும் தொட வேண்டாம். அவர்களுக்கு வார்த்தையே இல்லாத வாசிப்புதான் நல்லது. கர்நாடக இசை கேட்கும் பழக்கம் இருப்பவர்களுக்கு ராம்நாட் கிருஷ்ணன் (1918–1973) இருக்கிறார். இந்த ஊரின் பெயரைத் தாங்கிய பாடகர், அவசரமே இல்லாமல் தணிந்த குரலில் பாடுவார். இராமநாதபுரத்தில் படுத்துக்கொண்டு அவரைக் கேட்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை

ஊர்ப் பாட்டு கேட்க வேண்டிய நாள் இது. ஒரு வாரம் ஓடிவிட்டது, சாப்பிடும் இடம் தெரியும், பெயர் சொல்லிக் கூப்பிட இரண்டு பேர் இருக்கிறார்கள். இப்போது ஊரை நினைத்தால் வலி இருக்கும், ஆனால் ஆளைக் கவிழ்க்காது. அதற்கும் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில், வீட்டுக்கு வீடியோ காலில் பேசும்போது, அவர்களோடு சேர்ந்து கேளுங்கள். ‘ஊரு விட்டு ஊரு வந்து’ படத்தின் ‘சொர்க்கமே என்றாலும்’ இதற்கு அருமையான பாட்டு. சிங்கப்பூர் போனவர்கள் சொந்த ஊரை எண்ணிப் பாடுவது. ஏக்கம்தான் விஷயம், ஆனால் தாளம் ஆடவைக்கும். ‘ஞாபகம் வருதே’ போல உள்ளுக்குள் இழுக்காமல், சேர்ந்து பாடச் சொல்லும். வீட்டில் இருப்பவர்களும் சிரித்துக்கொண்டே பாடுவார்கள்.

அந்தக் கோயம்புத்தூர்த் தம்பி செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை அலுவலகத்தில் ஒவ்வொருவரிடமும் போய், ‘அண்ணே, உங்களுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு சொல்லுங்க’ என்று கேட்டு, சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். கடைநிலை ஊழியர் ஒருவர் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ என்றார், சுசீலா பாடியது. டைப்பிஸ்ட் அக்கா அனிருத் பாட்டு ஒன்றைச் சொன்னார். ஞாயிறு முழுக்க அதைத்தான் ஓடவிட்டிருக்கிறார். திங்கட்கிழமை ஒவ்வொருவரிடமும் பேச அவருக்கு விஷயம் இருந்தது, அவர்களுக்கும் இருந்தது.

பாட்டு போதாத இடம்

ஒரே பாட்டு ஒரே மாலையில் ஐந்தாறு தடவை ஓடுகிறது, ஹெட்செட்டைக் கழற்ற மனமில்லாமல் சாப்பாடு தவறுகிறது, அலுவலகத்தில் கூப்பிட்டால் பாதி நேரம் காதில் விழவில்லை என்றால், அன்றைக்குப் பாட்டை நிறுத்திவிட்டு ஆள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். பேருந்து நிலையத்து டீக்கடையும் போதும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் இது ஊர் ஏக்கத்தைத் தாண்டிய விஷயம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

எட்டாம் நாள் அந்த 40 பாட்டுப் பட்டியலை அழிக்க வேண்டாம். ஊரின் பெயரையும் மாதத்தையும் அதற்குத் தலைப்பாகக் கொடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தள்ளி வைத்திருந்த அந்த நான்கைந்து பாட்டுகளோடு புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள். அடுத்து உங்கள் அலுவலகத்துக்கு மாற்றலில் யாராவது வந்தால், பழைய பட்டியலை அவருக்கு அனுப்பி வையுங்கள்.